செயலில் உள்ள சந்தாதாரர் யார்?

இடைநிறுத்தம், கட்டணம் தவறியும் சேவை தொடரும் சலுகைக் காலம், இலவச நீட்டிப்பு ஆகியவற்றில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணலாமா?

இன்று சேவையைத் திறக்க முடிகிறவரே செயலில் உள்ள சந்தாதாரர். பணம் கட்டுபவர்களைத் தனியாக எண்ணுங்கள். சேவைச் செலவுக்கு முதல் எண்ணும் வருமானத்துக்கு இரண்டாவதும் தேவை.

1,000 கணக்குகளில் 900 பேர் கட்டணம் செலுத்தியவர்கள், 40 பேர் இடைநிறுத்தியவர்கள், 35 பேர் சலுகைக் காலத்தில், 25 பேர் இலவச நீட்டிப்பில் என்று வைத்துக்கொள்வோம். சேவையைத் திறக்க முடியாத, இடைநிறுத்திய 40 பேரைக் கழித்தால் செயலில் உள்ளவர்கள் 960; பணம் தருபவர்கள் 900.

சலுகைக் காலம்தான் வம்பு. வாடகை பாக்கி வைத்தவர் இன்னும் வீட்டில்தான் குடியிருக்கிறார், ஆனால் வாடகை வரவில்லை. அந்த 35 பேரையும் வருமானத்தில் சேர்த்தால், கட்டணம் வசூலாகாதபோது அடுத்த மாதக் கணக்கு திடீரெனச் சரியும்.

இடைநிறுத்தியவர் விலகியவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சந்தாவை ரத்து செய்யவில்லை, ஆகவே விலகியோர் பட்டியலில் அவரைச் சேர்க்கக் கூடாது.