64-இலிருந்து 38 போனால் 34

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிக்கு மேலே ஒரு சின்னப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். முதல் பருவ ரேங்க் கார்டு எழுதும் நேரம். ஒரு மாணவி கணக்கில் 60-க்கு 19. மற்ற பாடங்களில் குறையில்லை. கூட்டலும் ஒழுங்காகப் போடுவாள். கழித்தல் வந்தால்தான் தடுமாறுகிறாள். அம்மா கொழுந்து எடுக்கப் போகிறார், எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா இலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். ‘கணக்கில் கவனம் தேவை’ என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். உள்ளதை எழுதினால் பிள்ளைக்கு அடி விழும். மழுப்பினால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வீட்டில் என்ன செய்யச் சொல்வது என்றும் தெரியவில்லை. அவள் விடைத்தாளில் இருந்த ஐந்து கழித்தல்கள்:

52 − 27 = 35
64 − 38 = 34
81 − 46 = 45
75 − 32 = 43
403 − 156 = 353

இப்படிப்பட்ட பிள்ளைக்கு எப்படி எழுதுவீர்கள்?

இரா.

அன்புள்ள இரா. அவர்களுக்கு,

‘கவனம் தேவை’ என்பதை அடித்தது நல்லது. என் ரேங்க் கார்டில் மூன்று வருடம் தொடர்ந்து அதே வாசகம் இருந்தது. அப்பா ஒருமுறை அதைப் படித்துவிட்டு, “கவனம்னா எங்கடா விக்கிறான், வாங்கிட்டு வரலாம்” என்றார். அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் செய்யக்கூடியது எதுவும் இல்லை, திட்டுவதைத் தவிர.

உங்கள் மாணவி விஷயத்தில் அந்த வரி பொய்யும்கூட. நீங்கள் அனுப்பிய ஐந்து கணக்குகளில் கவனக்குறைவு ஒன்றுகூட இல்லை. அவள் ஒரே விதியை ஐந்திலும் பிசகாமல் போட்டிருக்கிறாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிப்பது, எது மேலே எது கீழே என்று பார்க்காமல். 64 − 38-இல் 8-இலிருந்து 4 போக 4, 6-இலிருந்து 3 போக 3, ஆக 34. 403 − 156-இலும் அதேதான்: 6-இலிருந்து 3 போக 3, 5-இலிருந்து பூஜ்ஜியம் போக 5, 4-இலிருந்து 1 போக 3. 75 − 32-இல் மேலே இருப்பதே பெரிய இலக்கம் என்பதால் அங்கே அவள் விதியும் நம் விதியும் ஒன்றாகிவிட்டன, விடை சரியாக வந்துவிட்டது. இந்த விதியை அவளுக்குக் கொடுத்தது பெரும்பாலும் நாம்தான். ஒன்றாம் வகுப்பில் ‘பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்’ என்று சொல்லித்தருகிறோம் அல்லவா? பிள்ளை அதை விடாமல் பிடித்துக்கொண்டது. 1978-இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை அலசி எழுதியதில் இந்தப் பிழைக்கும் இடம் உண்டு. உலகம் முழுக்கப் பிள்ளைகள் செய்வதுதான்.

ஆனால் ஒன்று. 52 − 27 = 35 என்பதை மட்டும் பார்த்து இந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஒரு பத்தைக் கடன் வாங்கிவிட்டு, பத்துகள் இடத்தில் 5-ஐ 4 ஆக்க மறந்த பிள்ளைக்கும் அதே 35தான் வரும்: 12-இலிருந்து 7 போக 5, 5-இலிருந்து 2 போக 3. அந்தப் பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும், பாதி வழியில் நிற்கிறது. உங்கள் மாணவி அந்த வழிக்கே வரவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுகள் இடத்து இலக்கங்களுக்கு நடுவே வித்தியாசம் சரியாக 5 என்றால் இரண்டு பிழையும் ஒரே விடையில் போய் முடியும். 81 − 46-உம் அப்படிப்பட்டதுதான். காட்டிக்கொடுத்தது 64 − 38. மறதி என்றால் 36 வந்திருக்கும், அவளுக்கு வந்தது 34. 403 − 156-இலும் மறதி என்றால் 357, அவள் எழுதியது 353.

அதனால் கார்டில் பேனா வைக்கும் முன் ஒரு இடைவேளையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து 73 − 29 கொடுங்கள். வாயால் சொல்லிக்கொண்டே போடச் சொல்லுங்கள். 56 வந்தால் நான் சொன்னதுதான். 54 வந்தால் மறதி. 43, 45 என்று ஒன்றிரண்டு தள்ளி வந்தால் முறை தெரியும், எண்ணுவதில் சறுக்குகிறாள். திருத்த வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும். அப்படியே முழு விடைத்தாளையும் எடுத்து, போன 41 மதிப்பெண்ணில் கழித்தலால் போனது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். வகுத்தலுக்குள்ளும் பாக்கிச் சில்லறைக் கணக்குக்குள்ளும் கழித்தல் ஒளிந்திருக்கும், அதையும் சேர்த்து. பாதிக்கு மேல் இதனால்தான் என்றால் கீழே உள்ளதைத் தயங்காமல் எழுதலாம். இல்லையென்றால் ‘முக்கியக் காரணம்’ என்பதை எடுத்துவிடுங்கள்.

பெயரைத் தேவி என்று வைத்துக்கொள்கிறேன்.

“தேவி கூட்டல் கணக்குகளைச் சரியாகப் போடுகிறாள். 75 − 32 போன்ற கழித்தலும் வருகிறது. 64 − 38 போல, மேலே 4-உம் கீழே 8-உம் வந்தால் ஒரு பத்தைப் பிரிக்க வேண்டும். அது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நான்காம் வகுப்பில் இது வந்திருக்க வேண்டும். மதிப்பெண் குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். பள்ளியில் இதற்காகத் தினமும் பத்து நிமிடம் அவளுடன் உட்காருகிறேன். வீட்டில் வாரத்தில் நான்கு நாள், பத்து நிமிடம், ஈர்க்குச்சிக் கட்டு வைத்து இரண்டு கழித்தல் போடட்டும். எப்படி என்று அவளே உங்களுக்குச் செய்து காட்டுவாள்.”

கார்டில் இடம் இருக்காது. முதல் நான்கு வாக்கியங்களைக் கார்டில் எழுதி, மீதியை அரைத்தாளில் எழுதிக் கார்டோடு பின் போட்டு இணைத்துவிடுங்கள்.

‘வந்திருக்க வேண்டும்’ என்ற வரியை எடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எடுக்காதீர்கள். நீங்கள் பயப்படும் மழுப்பல் அங்கேதான் தொடங்கும். அடி விழாமல் இருக்க உதவுவது அதற்கு முன்னும் பின்னும் இருப்பவை. முன்னால் இருப்பது பொதுப் பாராட்டு இல்லை, நோட்டைத் திறந்தால் அப்பாவே பார்க்கக்கூடிய இரண்டு விஷயம். ‘நல்ல பிள்ளை, ஆனால்’ என்று ஆரம்பித்தால் யாரும் ‘ஆனால்’ வரைக்கும் காத்திருந்து அதற்குப் பிறகுதான் படிப்பார்கள். பின்னால் இருப்பது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. வாத்தியாரும் பாரத்தில் ஒரு பக்கம் தோள் கொடுத்தால் பழி முழுக்கப் பிள்ளை தலையில் விழாது. எழுதிவிட்டு உட்காராமல் இருந்தால் மட்டும் அது மோசடி.

இன்னொன்று. அப்பா வண்டியில் போன நாளில் அந்தக் கார்டை அம்மாவுக்கு யார் படித்துக்காட்டுவார்கள்? தேவிதான். தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தானே உரக்கப் படிக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டு எழுதினால் ‘பின்தங்கிய’, ‘மந்தமான’ போன்ற சொற்கள் பேனாவில் வராது. எழுதி முடித்ததும் அவளையே ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்கே குரல் இறங்குகிறதோ அந்த வாக்கியத்தை மாற்றுங்கள்.

இப்போது ஈர்க்குச்சி. தென்னந்துடைப்பத்தை ஒடித்து ஒரு நூறு துண்டு, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு. 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. “இதிலிருந்து இருபத்தேழு எனக்குக் கொடு” என்று அம்மா கை நீட்டினால் போதும், படிப்பு வேண்டாம். இரண்டு கட்டைக் கொடுத்துவிடுவாள். ஏழு உதிரி கொடுக்க அவளிடம் இரண்டுதான் இருக்கும், அங்கே நிற்பாள். அந்த இடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு நிமிடம் ஆனாலும் ஆகட்டும், கட்டை அவளே அவிழ்க்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் பாடப்புத்தகம் ‘இனமாற்றம்’ என்று சொல்வதும் நாம் கடன் வாங்குதல் என்று சொல்வதும் அவள் விரலுக்குள் வந்துவிடும். அவளுடைய பழைய விதி இங்கே செல்லாது. கேட்கிற ஏழிலிருந்து தன்னிடம் இருக்கிற இரண்டை எடுக்க குச்சியில் வழியே கிடையாது, தாளில்தான் அது முடியும். (‘கடன்’ என்ற சொல் எனக்குப் பிடிக்காது. கடன் என்றால் திருப்பித் தர வேண்டுமே, இங்கே யாரும் தருவதில்லை. ‘பத்தைப் பிரி’ என்பதே போதும்.)

ஒரு வாரம் குச்சி மட்டும். அடுத்த வாரம் குச்சியில் செய்துகொண்டே பக்கத்தில் நோட்டில் எழுதட்டும்: அவிழ்த்த உடனே 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12. அப்புறம் குச்சியை மூடி வைத்துவிட்டு எழுதுவது. அவசரப்பட்டு முதல் நாளே நோட்டுக்குப் போனால் பழைய விதி உடனே திரும்பி வந்துவிடும்.

குச்சி தீர்ந்த பிறகு இலைக் கணக்கு இருக்கிறது. நேற்று 41 கிலோ, இன்றைக்கு 28 கிலோ என்றால் எவ்வளவு குறைவு என்று அம்மா கேட்கட்டும், அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டிய கேள்வி அது. நம் மொழியும் கூடவே நிற்கிறது. நாற்பத்தொன்று என்ற சொல்லுக்குள்ளேயே நாற்பதும் ஒன்றும் தனித்தனியாகக் கேட்கின்றன. “நாற்பதிலிருந்து ஒரு பத்தை எடுத்து ஒன்றோடு போடு, முப்பதும் பதினொன்றும்” என்று வாயால் சொல்லிவிட்டால் பாதி முடிந்தது. தொண்ணூறில் மட்டும் பத்து காதில் விழாது, நூறு போலத்தான் கேட்கும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் வேண்டாம் என்று நேரில் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: தண்டனையாக வாய்ப்பாடு எழுத வைப்பது. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் ஒப்பித்தாலும் இந்த முடிச்சு அப்படியே இருக்கும்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் கட்டை அவிழ்க்கத் தோன்றவில்லை என்றாலோ, 37, 73 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் யோசித்தாலோ, பிரச்சினை கழித்தலுக்கும் முந்தையது, இடமதிப்பில் இருக்கிறது. அப்போது இரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாளா என்றும் கவனியுங்கள். அதற்கு மேலான குறைபாட்டுப் பெயர்களை நாம் கார்டில் எழுதக் கூடாது, சொல்ல வேண்டியவர்கள் சோதித்துப் பார்த்துச் சொல்லட்டும்.

அந்த விடைத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அரையாண்டின்போது அதே 64 − 38-ஐக் கொடுத்து, அடுத்த கார்டில் இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 403 − 156-ஐ இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நடுவில் பூஜ்ஜியம் இருப்பதால் அங்கே அவிழ்க்கப் பத்துக்கட்டே இருக்காது, நூறு கட்டை முதலில் பத்துப் பத்தாக உடைக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு துடைப்பமாவது வேண்டும்.