விற்ற புடவை திரும்பி வந்தால்: ஜவுளிக்கடை கேள்வி பதில்

"8,500 ரூபாய் பட்டுப்புடவை. ப்ளவுஸ் துணியை வெட்டி, ஃபால்ஸும் தைத்த பிறகு, பொண்ணுக்குக் கலர் பிடிக்கல, பணத்தைக் கொடுங்க என்கிறார் ஓர் அம்மா. மனம் நோகாமல் எப்படி மறுப்பது?"

முதலில் புடவையை வாங்கி, அவர் கண்ணெதிரே விரித்துப் பாருங்கள். பார்க்காமலேயே 'முடியாது' என்பதுதான் அவமானமாகப் படும். கல்லாப் பக்கம், நாலு பேர் நடுவில் வைத்துப் பேச வேண்டாம். உட்கார வைத்து, தையல் போன இடத்தைக் காட்டியே சொல்லலாம்:

"பிரிக்காம வந்திருந்தா நானே மாத்திக் கொடுத்திருப்பேம்மா. ப்ளவுஸ் துணி வெட்டியாச்சு, ஓரத்துல ஊசித் துளையும் விழுந்திருக்கு. இதைப் புதுசுன்னு சொல்லி இன்னொருத்தருக்கு விற்க முடியாது. அதனால பணம் திருப்பித் தர வழியில்லம்மா."

'முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்' என்று மட்டும் இழுக்காதீர்கள். பாவம், அவர் இன்னொரு முறை பஸ் ஏறி வருவார்.

"பில்லிலேயே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருக்கிறோம். அதைக் காட்டினால் போதாதா? சட்டமும் நம் பக்கம்தானே?"

பாதிதான் சரி. கலர் பிடிக்காமல் வருபவரிடம் அதைக் காட்டலாம். இழை விட்டிருந்தாலோ நெசவில் ஓட்டை இருந்தாலோ அந்த வரி உங்களைக் காப்பாற்றாது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. அதனால்தான் விரித்துப் பார்க்கச் சொன்னேன்.

"நான் வாங்கின ஆள். முதல் நனைப்பிலேயே கரைச் சிவப்பு உடம்பெல்லாம் ஏறிடுச்சு. வீட்டுல துவைச்சது உங்க தப்புன்னு கடையில சொல்றாங்க. இது நியாயமா?"

நனையாத பகுதி ஏதாவது மிச்சமிருக்கிறதா? வெள்ளைத் துணியை ஈரமாக்கி அங்கே கரை மேல் அழுத்தித் தேயுங்கள். சாயம் தாராளமாக ஒட்டினால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று வாதாட இடமிருக்கிறது. டிரை வாஷ் மட்டும்தான் என்று லேபிளிலோ வாயாலோ சொல்லியிருந்தால் கடைக்காரர் கை ஓங்கும். முழுக்க நனைத்துவிட்டீர்கள் என்றால் யார் பக்கம் நியாயம் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

"சத்தம் போட்டால் கூட்டத்துக்குப் பயந்து கொடுத்துவிடுகிறோம். வேறு வழி?"

அப்படிக் கொடுத்தால், நீங்கள் சொன்னதைக் கேட்டு அமைதியாகத் திரும்பிப் போன அந்த அம்மாவை ஏமாற்றியதாகிவிடும். குரலை உயர்த்தாமல் அதே காரணத்தை அதே வார்த்தைகளில் திரும்பச் சொல்லுங்கள். 'எழுத்தில் வேண்டுமா, தருகிறேன்' என்று கேளுங்கள். பில் எண், தேதி, புடவை இருந்த நிலை, மறுத்த காரணம் நான்கையும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அப்புறமும் சத்தம் நிற்காமல் போகலாம், அது வேறு விஷயம்.