கழிவுநீர்த் தொட்டியில் காற்றுக் குமிழிகள் எதற்கு?

எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் இரவும் பகலும் காற்று ஊதுகிறார்களே, ஏன்?

தொட்டியின் அடியிலிருந்து காற்றைக் குமிழிகளாகச் செலுத்துவதுதான் காற்றூட்டம். சர்க்கரைபோல நீரில் கரைந்துவிட்ட கழிவை வடிகட்டிப் பிடிக்க முடியாது. நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று தீர்க்க வேண்டும். தின்றதைச் செரிக்க அவற்றுக்கு ஆக்சிஜன் தேவை. சுத்தமான நீரிலேயே 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம்தான் கரையும். தொட்டியில் மொய்க்கும் நுண்ணுயிர்கள் அதைச் சில நிமிடங்களில் காலிசெய்துவிடும். எனவே விறகடுப்பை ஊதாங்குழலால் ஊதுவதுபோல விடாமல் ஊதி, 2 மில்லிகிராமாவது எப்போதும் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். தொட்டி நீர் பழுப்பாக, மண்வாசனையோடு இருந்தால் எல்லாம் நலம். கறுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை.

குமிழிகள் கிருமிகளைக் கொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் கடைசியில் சேர்க்கும் குளோரின்.