ரேகை விழாத ஆயாவும் 1909-ல் வந்த ஒரு கதையும்

கேள்வி: அறிவியல் புனைகதை இதுவரை படித்ததில்லை. விண்கலச் சண்டை, வேற்றுக்கிரகவாசி எல்லாம் வேண்டாம். தொழில்நுட்பம் நம் வாழ்க்கையை என்ன செய்கிறது என்று சொல்கிற கதையாக ஒன்று சொல்லுங்களேன், எதில் ஆரம்பிக்கலாம்?

சுஜாதாவில் ஆரம்பியுங்கள் என்று இதற்குள் நாலு பேர் எழுதியிருப்பார்கள். தப்பில்லை, நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். ஆனால் 'என் இனிய இயந்திரா' படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள், ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றித்தான் பேசுவார்கள். கதை நடக்கும் நாட்டில் எல்லாருக்கும் ஏன் இரண்டெழுத்துப் பெயர் என்று கேட்டால் யோசிப்பார்கள். நாய் அவ்வளவு அழகு. (சுஜாதா ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். என் அலமாரியில் அவருக்குத் தனித் தட்டே இருக்கிறது.)

நீங்கள் கேட்பதற்கு நான் சொல்வது ஒரே ஒரு கதை. ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்', அதாவது இயந்திரம் நிற்கிறது. வெளிவந்தது 1909-ல். ஆங்கிலத்தில் சுமார் 12,000 சொற்கள், மூன்று பகுதி. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை போவதற்குள் முடித்துவிடலாம். முடிவைச் சொல்லிக் கெடுத்துவிட்டான் என்று திட்டாதீர்கள். முடிவு தலைப்பிலேயே இருக்கிறது.

பூமிக்கு அடியில், தேனடை மாதிரி அறுகோண அறைகள். அறைக்கு ஓர் ஆள். சாப்பாடு, குளியல், படுக்கை, பாட்டு எல்லாவற்றுக்கும் பொத்தான், அழுத்தினால் ஒரே பெரிய இயந்திரம் எல்லாம் செய்து கொடுக்கும். வாஷ்டி என்ற அம்மாவுக்கு ஆயிரக்கணக்கில் அறிமுகங்கள் உண்டு, யாரையும் நேரில் பார்ப்பதில்லை. உலகத்தின் மறுகோடியில் இருக்கும் மகன் கூனோ அழைக்கிறான். கையில் உள்ள வட்டத் தட்டு நீலமாக ஒளிர்ந்து அவன் முகம் தெரியப் பதினைந்து விநாடி ஆகிறது, அதற்கே அந்த அம்மாவுக்குப் பொறுமை இல்லை. முழுசாக ஐந்து நிமிஷம் தருகிறேன் என்கிறாள், அடுத்து அவளுக்கு இசை பற்றி ஓர் உரை இருக்கிறது. அவனோ, தட்டில் தெரிவது உன்னைப் போல ஏதோ ஒன்று, நீ இல்லை, நேரில் வா என்கிறான். டெலிவிஷன் இல்லாத, வானொலி நிலையங்கள்கூட வராத காலத்தில் எழுதியது இது.

இதைச் சொன்னதும் எல்லாரும் "வீடியோ காலை அப்பவே சொல்லிட்டாரு" என்று வாயைப் பிளப்பார்கள். அதற்காகப் படிக்கச் சொல்லவில்லை. எனக்கு முக்கியம் மூன்றாம் பகுதி. அது ஏன் என்று சொல்ல என் ஆயா கதைக்குப் போக வேண்டும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். ஆயா ஐம்பது வருஷம் பீடி சுற்றியவள். இலையை நனைத்து, தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்து உருட்டி, நுனியை மடித்து நூல் கட்டுவது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆயிரம் தடவை தேய்கிறது. வயசும் சேர்ந்து, விரல் நுனி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. 2020 கடைசியில் ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வந்தது. அதற்கு ஆயாவைத் தெரியவில்லை.

முதல் மாசம் ஆயா சண்டை போட்டாள். "நான் யார்னு உனுக்குத் தெரியாதா?" என்று கடைக்காரரைக் கேட்டாள். அவர், "எனக்குத் தெரியும் ஆயா, மெஷினுக்குத் தெரியலியே, நான் இன்னா பண்ண?" என்றார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, பாவம் அவரும் மாட்டிக்கொண்டவர்தான். நான் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். இரண்டு நாளில் புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. எதுவும் தீரவில்லை.

இரண்டாம் மாசம் யாரோ சொல்லித் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாள். அப்புறம் மோதிர விரலை வை, சுண்டு விரலை வை என்றார்கள். பீடி சுற்றும்போது அந்த விரல்கள் அவ்வளவு தேய்வதில்லை, அதனால் சில மாசம் விழும், சில மாசம் விழாது. ஆறு மாசத்தில் என்ன நடந்தது தெரியுமா? கடைக்குக் கிளம்பும்போதே ஆயா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். விழவில்லை என்றால் கோபமில்லை. "இன்னிக்கு என் கை சரியில்ல" என்று திரும்பி வருவாள். கேட்டீர்களா, மெஷின் சரியில்லை என்பது போய், கை சரியில்லை என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. மூன்றாம் பகுதியில் இயந்திரம் மெல்லப் பழுதாகிறது. வாஷ்டி கேட்கும் இசையில் நடுநடுவே பெருமூச்சு மாதிரி ஒரு கரகரப்பு. பழுது பார்க்கும் குழுவிடம் சொல்கிறாள். விரைவில் சரியாகும் என்று பதில் வருகிறது. விரைவில் என்றால் போதாது, உடனே என்கிறாள். மத்தியக் குழுவிடம் புகார் செய்வேன் என்கிறாள். அங்கே தனி ஆளின் புகாரை ஏற்பதில்லை, நாங்களே அனுப்புகிறோம் என்கிறார்கள். கொஞ்ச காலத்தில் அந்தக் கரகரப்பு அவளுக்கு எரிச்சலாகவே இல்லை, ராகத்தில் அதுவும் சேர்த்தி என்று ஏற்றுக்கொள்கிறாள். பழத்தில் பூஞ்சை, குளிக்கும் தண்ணீரில் நாற்றம், எல்லாம் இப்படியே பழகிப்போகிறது. படுக்கை வராதபோதுதான் பதறுகிறார்கள். அப்போதுதான் தெரிகிறது, பழுது பார்க்கும் கருவியே பழுதாகிவிட்டது. அந்த இயந்திரத்தை முழுசாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை, ஆளுக்கு ஒரு துண்டுதான் தெரியும். இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஆயா கொல்லையில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அறிவியல் புனைகதையே இல்லை, இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று ஒரு வரிகூட இல்லை" என்று ஒருவர் கட்டாயம் வருவார். உண்மைதான், ஃபார்ஸ்டருக்கு அதில் அக்கறை கிடையாது. என்னைக் கேட்டால் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கதையில் ஆகாயக் கப்பல் பணிப்பெண்ணைத் தவிர உழைப்பவர் யாரும் கண்ணில் படுவதில்லை, பழுது வந்தால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வருகிறது. எங்கள் ஊரில் அப்படியா? விரல் தேயாத ஆளுக்கு மெஷின் முதல் தடவையே பச்சை விளக்கு காட்டியது. ஃபார்ஸ்டர் அறுகோண அறைக்கு வெளியே பீடி சுற்றும் ஒருத்தியை உட்கார வைத்திருந்தால் அது வேறு கதை ஆகியிருக்கும்.

புதிதாகப் படிப்பவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் பகுதியில் வாஷ்டி ஆகாயக் கப்பலில் போகும் பயணம் நீளம், அங்கே தூக்கம் வரும். இமயமலையைப் பார்த்துவிட்டு இதில் ஒன்றுமில்லை என்று ஜன்னலை மூடச் சொல்வாள், அது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடுங்கள். அதற்குப் பிறகு நிறுத்த மாட்டீர்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தபோது எங்கள் மாவட்டம் வடஆற்காடு அம்பேத்கர். பள்ளிக்கூடம் போனபோது வேலூர். 2019-ல் மூன்றாகப் பிரித்தார்கள், வேலைக்காக வாலாஜாவில் இருப்பதால் இப்போது நான் ராணிப்பேட்டை. சான்றிதழில் ஒன்று, அட்டையில் ஒன்று, எந்த ஆன்லைன் விண்ணப்பத்திலும் பொருந்தாது. ஒரு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் மாவட்டப் பட்டியலில் ராணிப்பேட்டையே கிடையாது. மூன்று தடவை மின்னஞ்சல் போட்டேன், மூன்று தடவையும் நன்றி சொன்னார்கள். போன வாரம் மறுபடி அதே பக்கம். பட்டியலைக்கூடப் பார்க்காமல் வேலூர் என்று அழுத்திவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன்.