ஏழு ஸ்லைடு கேரசல்: எதற்கு எத்தனை?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் இரும்பு தோசைக்கல் விற்கிறேன். கல்லைப் பழக்குவது பற்றி 7 ஸ்லைடில் கேரசல் போட்டேன். லோகோ, வணக்கம் என்று முதல் 2, குறிப்புகள் 3, விலையும் ஆர்டர் விவரமும் கடைசி 2. யாரும் ஆர்டர் கேட்கவில்லை. கவனத்தை இழுக்கும் ஹூக், விஷயம், ஆர்டர் கேட்கும் கால் டு ஆக்ஷன் மூன்றுக்கும் எத்தனை ஸ்லைடு ஒதுக்குவது?

பதில்: உங்கள் பதிவுக்கு ஹூக் 1, விஷயம் 5, கால் டு ஆக்ஷன் 1 என்பது சரியாக இருக்கும். ஆனால் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யாதீர்கள். கல்லைப் பழக்கும் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். கையால் செய்யும் ஒரு வேலைக்கு ஒரு ஸ்லைடு. ஆலையில் பூசிய எண்ணெய் போகச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரம் போக்குவது ஒன்று. இரவு முழுக்கக் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைப்பது ஒன்று. நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகைய விட்டு ஆற வைப்பது ஒன்று. பாதி வெங்காயத்தால் தேய்த்து முதல் தோசைகளை வார்ப்பது ஒன்று. அப்புறம், தினசரி பராமரிப்பு. ஆக ஐந்து. இவற்றை மூன்று ஸ்லைடில் அடைத்ததால்தான் எழுத்து பொடியாகிப் போயிருக்கும். போனில் அதை யாரும் படிக்க மாட்டார்கள்.

முதல் ஸ்லைடில் லோகோ வேண்டாம். உங்கள் பெயர் பதிவின் மேலேயே இருக்கிறது. பிய்ந்து ஒட்டிய தோசையின் படத்தைப் பெரிதாக வைத்து, 'புதுக் கல்லில் தோசை ஒட்டுகிறதா?' என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டாவது ஸ்லைடில் கூடுதல் கவனம் தேவை. முதல் ஸ்லைடைத் தள்ளாமல் கடந்து போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை மறுபடி காட்டும்போது, இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டுவதுண்டு. அதில் 'வணக்கம்' இருந்தால் அந்த வாய்ப்பும் வீண். எனவே 'படி 1' என்று மொட்டையாக எழுதாமல், 'புது இரும்புக் கல்லில் தோசை ஒட்டாமலிருக்க முதலில் இந்த எண்ணெயை நீக்குங்கள்' என்று, முதல் ஸ்லைடைப் பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். ஹூக்குக்கு இரண்டு ஸ்லைடு கொடுப்பது, முன்–பின் ஒப்பீட்டைப் படமாகக் காட்ட வேண்டியிருந்தால் மட்டுமே.

கடைசி ஸ்லைடில் ஒரே ஒரு வேண்டுகோள். 'சேவ் செய்யுங்கள், ஃபாலோ செய்யுங்கள், ஆர்டர் செய்யுங்கள்' என்று மூன்றும் கேட்டால் ஒன்றும் நடக்காது. '"கல்" என்று மெசேஜ் அனுப்புங்கள், அளவும் விலையும் சொல்கிறோம்' என்பது போதும். விலைப் பட்டியலைப் பதிலில் அனுப்பலாம்.

போட்டு ஒரு வாரம் கழித்து இன்சைட்ஸைத் திறந்து, உங்கள் வழக்கமான பதிவுகளோடு ஒப்பிடுங்கள். ரீச் வழக்கம் போல வந்தும் சேவ் குறைவென்றால், நடு ஸ்லைடுகளில் விஷயம் போதவில்லை அல்லது படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. சேவ் நிறைய, மெசேஜ் இல்லை என்றால் கடைசி ஸ்லைடின் வாசகத்தை மட்டும் மாற்றி அடுத்த பதிவில் பாருங்கள். ஸ்லைடு எண்ணிக்கையைத் தொட வேண்டாம். ரீச்சே குறைவென்றால் முதல் ஸ்லைடின் படத்தையும் கேள்வியையும் மாற்றுங்கள்.