சிறு சோதனையின் ஆர் வெளியீட்டை முடிவுப் பத்தியாகவும் அட்டவணையாகவும் மாற்றுவது

கேள்வி: 40 பேரை வைத்து ஒரு சிறு சோதனை செய்தோம். ஆர் மென்பொருளில் பி மதிப்பு 0.06 என்று வருகிறது. வெளியீட்டை அப்படியே ஒட்டலாமா? முடிவுகள் பத்தியையும் அட்டவணையையும் எப்படி எழுதுவது?

பதில்:

ஒட்ட வேண்டாம். அந்த வெளியீடு ஆய்வு செய்தவர் தம் மாதிரியைச் சரிபார்ப்பதற்கானது. படிப்பவருக்குத் தேவையான குழுவாரி எண்ணிக்கை, சராசரி, நம்பிக்கை இடைவெளி ஆகியவை அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. அவருக்குத் தேவைப்படாதவையோ நிறைய இருக்கும். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே விளக்குகிறேன். எண்கள் நானே அமைத்தவை, ஆனால் ஒன்றோடொன்று பொருந்துபவை.

முழங்கால் வலியுள்ள 40 பேர் சமவாய்ப்பு முறையில் உடற்பயிற்சிக் குழு, வழக்கமான கவனிப்புக் குழு எனத் தலா 20 பேராகப் பிரிக்கப்பட்டனர். முதன்மை அளவீடு 6 வாரங்களுக்குப் பின் 0 முதல் 100 மி.மீ. வரையிலான கோட்டில் குறித்த வலி. ஆறாவது வாரத்தில் முறையே 19 பேரும் 18 பேரும் அளக்கப்பட்டனர். 10 மி.மீ. குறைவே நோயாளிக்குப் பொருட்படுத்தத்தக்கது என்று திட்ட வரைவில் முன்கூட்டியே எழுதியிருந்ததாகக் கொள்வோம்.

```
d$group <- relevel(factor(d$group), ref = "UC")
m <- lm(pain6 ~ group + pain0, data = d)
summary(m)
confint(m)
```

முதல் வரியைத் தவிர்த்துவிடாதீர்கள். குழுப் பெயர்கள் `Ex`, `UC` என்றிருந்தால், ஆர் அகரவரிசையில் முதலில் வரும் `Ex` குழுவையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு `groupUC` என்ற வரியில் +9.205 என்று காட்டும். பி மதிப்பு மாறாது என்பதால் எந்த எச்சரிக்கையும் எழாது. குறியைக் கவனிக்காமல் எழுதுபவர் பயிற்சியால் வலி கூடியதாக எழுதிவிடுவார். அடிப்படைக் குழுவை மாற்றியபின் கிடைப்பவை இவை:

```
         Estimate Std. Error t value Pr(>|t|)
groupEx    -9.205      4.736  -1.944   0.0602

           2.5 %   97.5 %
groupEx  -18.830    0.420
```

நம்பிக்கை இடைவெளி `summary` தரும் வெளியீட்டில் வருவதில்லை, `confint` கட்டளைதான் அதைத் தருகிறது. பலர் பி மதிப்போடு நின்றுவிடுவதற்கு இந்தச் சிறு அசௌகரியமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் சமவாய்ப்புச் சோதனைகளை எழுதுவதற்கான கன்சார்ட் வழிகாட்டி கேட்பது ஒவ்வொரு குழுவின் முடிவையும், விளைவளவையும், அதன் துல்லியத்தையும்தான்.

அட்டவணையை முதலில் அமைத்துவிட்டால் பத்தி எளிதாகிவிடும்.

| அளவீடு | பயிற்சி (19 பேர்) | வழக்கமான கவனிப்பு (18 பேர்) | வேறுபாடு (95% நம்பிக்கை இடைவெளி) |
|---|---|---|---|
| தொடக்க வலி, மி.மீ., சராசரி (திட்ட விலக்கம்) | 61.0 (13.8) | 63.9 (14.4) | – |
| 6ஆம் வார வலி, மி.மீ., சராசரி (திட்ட விலக்கம்) | 41.3 (15.2) | 52.1 (17.0) | −9.2 (−18.8 முதல் 0.4 வரை)* |
| வலி 30% அல்லது மேலும் குறைந்தோர் | 11 (58%) | 6 (33%) | 25 சதவீதப் புள்ளிகள் (−7 முதல் 50 வரை)† |

\* தொடக்க வலிக்குச் சரிக்கட்டியது; பி = 0.06. † நியூகோம்ப் முறை.

உடுக்குறி இல்லாமல் இந்த அட்டவணை பிழையானதாகவே தோன்றும். 41.3-இலிருந்து 52.1-ஐக் கழித்தால் −10.8 வருகிறதே, −9.2 எங்கிருந்து வந்தது என்று கூர்மையான வாசகர் உடனே கேட்பார். பயிற்சிக் குழு தொடக்கத்திலேயே 2.9 மி.மீ. குறைந்த வலியோடு இருந்தது. மாதிரியில் `pain0` மாறியின் கெழு 0.55, ஆகவே ஏறத்தாழ 1.6 மி.மீ. வேறுபாடு தொடக்கத்திலிருந்தே வந்தது, எஞ்சியது 9.2. தொடக்க வலி வரிசையில் வேறுபாட்டுக்கான இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டேன். குழுக்களைப் பிரித்தது சமவாய்ப்பு என்று தெரிந்தபின், அந்த வேறுபாடு தற்செயலா என்று சோதிப்பது பொருளற்றது.

மூன்றாவது வரிசையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம், இல்லை என்ற இரண்டே விடையுள்ள இத்தகைய அளவீட்டுக்கு `glm` கட்டளையில் லாஜிஸ்டிக் மாதிரி போட்டால் வெளியீடு 1.012 என்று காட்டும். அது வாய்ப்பு விகிதத்தின் மடக்கை. `exp` செய்தால்தான் 2.75 என்ற விகிதம் வரும். அதையும் ‘குணமடையும் வாய்ப்பு 2.75 மடங்கு’ என்று எழுதக் கூடாது. 57.9 சதவீதம் 33.3 சதவீதத்தின் 1.74 மடங்குதான். நூறு பேரில் எத்தனை பேர் கூடுதலாகப் பயன்பெறுகிறார்கள் என்பதையே சதவீதப் புள்ளி வேறுபாடு சொல்வதால் அட்டவணையில் அதை வைத்தேன். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சாதாரண தோராய வாய்பாட்டைவிட நியூகோம்ப் முறை நம்பகமானது.

இனி பத்தி:

> சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்ட 40 பேரில் 37 பேரின் (பயிற்சி 19, வழக்கமான கவனிப்பு 18) ஆறாம் வார வலி ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. தொடக்க வலிக்குச் சரிக்கட்டியபின், பயிற்சிக் குழுவின் சராசரி வலி 9.2 மி.மீ. குறைவாக இருந்தது (95% நம்பிக்கை இடைவெளி: 18.8 மி.மீ. குறைவு முதல் 0.4 மி.மீ. கூடுதல் வரை; பி = 0.06). முன்கூட்டியே வரையறுத்த 10 மி.மீ. குறைவு இந்த இடைவெளிக்குள் அடங்குகிறது. விளைவு ஏதுமில்லை என்ற நிலையும் அடங்குகிறது. வலி 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 11 பேர், மற்றதில் 6 பேர் (வேறுபாடு 25 சதவீதப் புள்ளிகள், −7 முதல் 50 வரை).

‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்றோ ‘குறிப்பிடத்தக்க நிலையை நெருங்கியது’ என்றோ இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலாவது, 18.8 மி.மீ. வரையிலான பயனை மறைத்துவிடுகிறது. இரண்டாவது, இன்னும் சிலரைச் சேர்த்திருந்தால் பி மதிப்பு தானாகவே இறங்கியிருக்கும் என்ற பொய்யான உறுதியைத் தருகிறது. இடைவெளியின் இரு முனைகளையும் சொற்களில் எழுதிவிட்டால், இந்தச் சோதனை எதை உறுதியாகச் சொல்ல முடியாது என்பது தானே விளங்கும்.

அலகில்லாத விளைவளவை இதழ் கேட்டால் மட்டும் சேருங்கள்; மி.மீ. வேறுபாடே மருத்துவருக்குப் புரியும். கணக்கிடும்போது 9.2-ஐ இரு குழுக்களின் கூட்டுத் திட்ட விலக்கமான 16.1-ஆல் வகுக்க வேண்டும்: 0.57. வெளியீட்டில் பக்கத்திலேயே கண்ணில் படும் திட்டப் பிழையான 4.736-ஆல் வகுத்து, 1.94 என்ற ‘மிகப் பெரிய விளைவை’ அறிவித்த வரைவுகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை திருத்தியிருக்கிறேன். அந்த 1.94, குறி நீங்கலாக, அதே வரியில் அச்சாகியிருக்கும் டி மதிப்பேதான் என்பதால் இந்தத் தவறைக் கண்டுபிடிப்பது எளிது.

அனுப்புவதற்குமுன் இடைவெளியின் இரு முனைகளையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: −18.8, 0.4 இரண்டின் நடுப்புள்ளி −9.2. சராசரி வேறுபாட்டில் இது பொருந்தாவிட்டால், எண்ணைப் பெயர்த்தெழுதியதில் எங்கோ பிழை இருக்கிறது. விகிதங்களுக்கும், நியூகோம்ப் முறையில் வந்த மூன்றாம் வரிசைக்கும் இந்தச் சோதனை செல்லாது. அவற்றின் இடைவெளி மதிப்பீட்டின் இருபுறமும் சமமாக விரிவதில்லை.