பிரிடீனின் தனித்த இரட்டை வளையத்துக்குள் போவதில்லை: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்ததில் பாதிக் கடிதங்கள் அமைன்களைப் பற்றித்தான். கீழே நான் தரும் pKa எல்லாம் இணை அமிலத்தின் pKa, நீரில் அளந்தது, தோராயமாக. எண் பெரிதானால் காரம் வலுவானது.

டிரைமெத்தில் அமைனில் மூன்று மெத்தில் இருந்தும் டைமெத்தில் அமைனைவிட ஏன் வலு குறைவு? (மாணவர், நாமக்கல்)

நீரில் அப்படித்தான்: 9.8, 10.7. புரோட்டான் ஏறிய அயனியை நீர் ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்குகிறது. டிரைமெத்தில் அம்மோனியத்தில் அதற்கு ஒரே ஒரு N–H தான் உண்டு. வாயு நிலையில் டிரைமெத்தில் அமைன்தான் வலுவானது. எந்தக் கரைப்பானில் என்று சொல்லாமல் வரிசை கேட்காதீர்கள்.

அனிலீன் 4.6, பிரிடீன் 5.2. "இரண்டிலும் தனித்த இரட்டை வளையத்தில் பரவிவிடுகிறது" என்று எழுதினேன். பிரிடீனுக்கு மதிப்பெண் தரவில்லை. ஏன்? (மாணவி, திண்டுக்கல்)

தராதது சரிதான். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தப்பு இது. எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்று என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

அனிலீனில் நைட்ரஜன் வளையத்துக்கு வெளியே தொங்குகிறது. அதன் தனித்த இரட்டை வளையத்தின் பை எலக்ட்ரான்களோடு கலந்து பரவுகிறது. புரோட்டான் வந்து ஒட்டினால் அந்தப் பரவல் போய்விடும். அந்த இழப்புதான் அனிலீனைத் தயங்க வைக்கிறது. அரோமாட்டிக் இல்லாத சைக்ளோஹெக்சைல் அமைன் 10.6. வித்தியாசம் ஆறு அலகு, அதாவது பத்து லட்சம் மடங்கு.

இதில் உடனிசைவின் பங்கு எவ்வளவு? பென்சோகுவினுக்ளிடின் என்றொரு சேர்மம் இருக்கிறது. நைட்ரஜன் பென்சீன் வளையத்தோடு இணைந்திருந்தாலும், கூண்டு போன்ற அமைப்பு அதன் தனித்த இரட்டையைப் பை எலக்ட்ரான்களோடு கலக்கவிடாமல் திருப்பிப் பிடித்திருக்கிறது. அதன் மதிப்பு 7.8. பரவலைத் தடுத்ததும் மூன்று அலகு திரும்பி வந்துவிட்டது. திரும்பாத மிச்சத்துக்குப் பெரிதும் காரணம், பக்கத்திலுள்ள sp2 கார்பன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பது.

பிரிடீன் கதை வேறு. அங்கே நைட்ரஜனே வளையத்தின் உறுப்பினர், sp2 இனக்கலப்பு. இரண்டு sp2 ஆர்பிட்டால்கள் பக்கத்துக் கார்பன்களுக்குப் போய்விடுகின்றன. மூன்றாவதில் தனித்த இரட்டை, வளையத்தின் தளத்திலேயே வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆறு பை எலக்ட்ரான்களுக்கு நைட்ரஜன் தரும் பங்கு, p ஆர்பிட்டாலில் உள்ள ஓர் எலக்ட்ரான் மட்டும். தனித்த இரட்டை அந்த p-க்குச் செங்குத்தாக இருப்பதால் கலக்க வழியே இல்லை. புரோட்டான் ஏறினாலும் அரோமாட்டிக் தன்மை அப்படியே இருக்கும்.

அப்படியானால் ஏன் 5.2? sp3-இல் s பங்கு 25%, sp2-இல் 33%. s பங்கு கூடக்கூட எலக்ட்ரான்கள் அணுக்கருவுக்கு நெருக்கமாகப் பிடிபடும், புரோட்டானுக்கு எளிதில் கிடைக்காது. வளையம் நிறைவுற்ற பைபெரிடீன் 11 என்பதோடு ஒப்பிடுங்கள்.

"வளையத்துக்குள் நைட்ரஜன் இருந்தால் பரவாது" என்று இதை மனப்பாடம் செய்துவிடாதீர்கள். பைரோலில் அதன் தனித்த இரட்டைதான் ஆறு எலக்ட்ரான் கணக்கையே நிரப்புகிறது, அதனால் பைரோல் காரமாக நடப்பதே இல்லை. படத்தில் நைட்ரஜனுக்கு ஏற்கெனவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் தனித்த இரட்டை தளத்தில்தான் இருக்கும்.

அசிட்டமைடில் புரோட்டான் நைட்ரஜனில்தானே ஏறும்? (ஆசிரியர், தஞ்சாவூர்)

இல்லை, ஆக்சிஜனில். நைட்ரஜனின் இரட்டை கார்பனைல் பக்கம் பரவிக் கிடக்கிறது. மதிப்பும் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேதான். ஆய்வகத்திலேயே பார்க்கலாம்: அனிலீனும் அசிட்டனிலைடும் கலந்த ஈதர் கரைசலை நீர்த்த HCl-ஓடு குலுக்கினால், அனிலீன் நீருக்குள் போய்விடும், அசிட்டனிலைடு ஈதரிலேயே தங்கும்.

ஒரு தளத்தில் அனிலீனின் pKa 30 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் அது மிக வலுவான காரமா? (பெயர், ஊர் இல்லை)

எதனுடைய pKa என்று பார்க்காமல் அனுப்பிவிட்டீர்கள். 30 என்பது அனிலீன் தன் N–H புரோட்டானை இழப்பதற்கு, DMSO கரைப்பானில். காரத்தன்மைக்கு அனிலீனியம் அயனியின் 4.6 தான் வேண்டும். மறுபடி சொல்கிறேன்: இணை அமிலம், எந்தக் கரைப்பான், இரண்டையும் பாருங்கள்.

நிகோட்டினில் இரண்டு நைட்ரஜன். எது முதலில் புரோட்டானை வாங்கும்? (மருந்தியல் மாணவர், மதுரை)

ஐந்தணு வளையத்தில் உள்ள sp3 நைட்ரஜன், 8. பிரிடீன் நைட்ரஜன் 3 தான். தனிப் பிரிடீனின் 5.2-ஐவிட இது குறையக் காரணம், மூலக்கூறில் ஏற்கெனவே ஒரு நேர்மின்சுமை ஏறிவிட்டது. புகையிலையோடு சுண்ணாம்பு சேர்க்கும்போது நடப்பதும் இந்த 8-ஐச் சுற்றித்தான்: pH 8-ஐத் தாண்டினால் பெரும்பகுதி நிகோட்டின் மின்சுமையற்ற நிலைக்கு வந்து, வாயின் உட்தோல் வழியே வேகமாக இரத்தத்தில் கலக்கிறது.